ஆறு வயதில் ஸ்டார்ட்டர்ஸ் பேச்சுத் தேர்வு: மாதிரித் தேர்வா, விளையாட்டா, அன்றாடப் பழக்கமா?

கேம்பிரிட்ஜ் சிறுவர்களுக்கு நடத்தும் ஆங்கிலத் தேர்வுகளில் முதல் படியின் பெயர் ‘ப்ரீ ஏ1 ஸ்டார்ட்டர்ஸ்’. கேட்டல், வாசித்து எழுதுதல், பேசுதல் என்று மூன்று பகுதிகள். முதல் இரண்டுக்கும் பயிற்சித்தாள் இருப்பதால் பள்ளியிலேயே ஓரளவு முடிந்துவிடும். பேசுதல்தான் வீட்டின் தலையில் விழுகிறது. பணம் கட்டியாயிற்று, கையில் சுமார் எட்டு வாரம், வேலை முடிந்து வந்தபின் மாலையில் ஒரு கால்மணி நேரம். அந்தக் கால்மணி நேரத்தை எதில் போடுவது என்பதுதான் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி.

பொதுவாக மூன்று வழிகள் கண்ணில் படும். மாதிரி வினாத்தாளை வைத்துக்கொண்டு தேர்வையே திரும்பத் திரும்ப நடத்திப் பார்ப்பது ஒன்று. படம், அட்டை, பொம்மை வைத்து விளையாடுவது இன்னொன்று. சாப்பாடு, குளியல், தூக்கம் போன்ற அன்றாட வேலைகளோடு ஓரிரு ஆங்கிலக் கேள்விகளை ஒட்டிவைப்பது மூன்றாவது. என் கணக்கில் எட்டு வாரத்தின் பெரும்பகுதி விளையாட்டுக்கு, நாள்தோறும் சில நிமிடம் பழக்கத்துக்கு, மாதிரித் தேர்வு கடைசியில் மட்டும். ஏன் இந்த வரிசை என்று புரிய, அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

பிள்ளை தனியாகத்தான் போகும். உள்ளே அழைத்துப்போய் அறிமுகப்படுத்த ஒருவர் இருப்பார். அங்கே என்ன நடக்கும் என்பதைப் பிள்ளையின் தாய்மொழியிலேயே அவர் முன்கூட்டி விளக்கலாம். தேர்வு மொத்தம் மூன்று முதல் ஐந்து நிமிடம், நான்கு கட்டம். முதல் கட்டத்தில் மேசைமேல் ஒரு பெரிய காட்சிப் படமும் சில சிறு பட அட்டைகளும் இருக்கும். தேர்வாளர் சொல்லும் பொருளைப் பிள்ளை படத்தில் தொட்டுக் காட்ட வேண்டும், அட்டையை எடுத்துச் சொன்ன இடத்தில் வைக்க வேண்டும். வாய் திறக்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டாம் கட்டத்தில் அதே படத்தைப் பற்றிக் கேள்விகள்: இது என்ன, என்ன நிறம், எத்தனை இருக்கின்றன, இந்தப் பையன் என்ன செய்கிறான். நடுவே ‘டெல் மீ அபவுட்...’ என்று ஒரு கேள்வியும் உண்டு. மூன்றாவதில் பட அட்டைகளைக் காட்டி ‘வாட்ஸ் திஸ்?’ என்று கேட்டு, உன்னிடம் இது உண்டா, உனக்கு எந்தப் பழம் பிடிக்கும் என்று பிள்ளையின் பக்கம் திருப்புவார்கள். கடைசிக் கட்டம் வயது, நண்பன், வீடு, பள்ளி பற்றிய சில சொந்தக் கேள்விகள். அவ்வளவுதான்.

இதில் தேறுவது, தோற்பது என்று எதுவும் கிடையாது. எழுதிய எல்லாருக்கும் சான்றிதழ் உண்டு. பகுதிக்கு ஐந்து வீதம் அதிகபட்சம் பதினைந்து கேடயச் சின்னங்கள் மதிப்பெண்ணாக அதில் இருக்கும். பேச்சை அளக்கும்போது சொல்வளம், உச்சரிப்பு, உரையாடுதல் என்ற மூன்றையும் பார்க்கிறார்கள். உரையாடுதல் என்பதில், பிள்ளை கேள்விக்கோ கட்டளைக்கோ பொருத்தமாகப் பதில் தருகிறதா, எவ்வளவு உதவி தேவைப்படுகிறது, எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது என்பவை அடங்கும். முழு வாக்கியம் வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ‘வாட் கலர் இஸ் இட்?’ என்றால் ‘ரெட்’ போதும். நம் ஊர்ப் பள்ளிகளில் ‘முழு வாக்கியத்தில் சொல்’ என்று பழக்கியிருப்பதால் இதைப் பெற்றோர் நம்பவே மாட்டார்கள். ‘தி கலர் ஆஃப் தி பால் இஸ்...’ என்று ஆரம்பித்து நடுவில் மாட்டிக்கொள்ளும் பிள்ளையைவிட, சட்டென்று ‘ரெட்’ என்று சொல்லும் பிள்ளைக்கு இந்தத் தேர்வில் சிரமம் குறைவு.

இப்போது மாதிரித் தேர்வு வழியைப் பார்ப்போம். மாதிரிக் காட்சிப் படங்களும் சொற்பட்டியலும் கேம்பிரிட்ஜ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எடுத்து மேசையில் வைத்து, அம்மா தேர்வாளராக உட்கார்ந்தால் பயிற்சி ஆரம்பமாகிவிடும். அதனால்தான் எல்லாரும் இதில்தான் தொடங்குகிறார்கள். முதல் முறை பயன் உண்டு. பிள்ளைக்கு என்ன தெரியும், எது தெரியாது என்று பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். இரண்டாம் முறையிலிருந்து அந்தப் படம் பிள்ளைக்கு மனப்பாடம். மூன்றாம் முறை கேள்வி முடியும் முன்பே பதில் வருகிறது. அம்மாவுக்கு நிம்மதி, ஆனால் பிள்ளை கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டிருக்கும்.

இதன் இன்னொரு வடிவம் ‘செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன்’. மை நேம் இஸ் என்று தொடங்கி அப்பா பெயர், பள்ளி, வகுப்பு, பிடித்த நிறம் என்று ஒரே மூச்சில் பத்து வரி. விருந்தாளி வந்தால் சொல்லிக்காட்ட நன்றாகத்தான் இருக்கும். இந்தத் தேர்வில் அதற்கு இடமே இல்லை. தேர்வாளர் ‘வாட்ஸ் யுவர் ஃப்ரெண்ட்ஸ் நேம்?’ என்று கேட்பார். ‘நேம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் பத்து வரியும் அவிழத் தொடங்கும், தன் பெயரிலிருந்து. பொருந்தாத பதில் என்பதோடு, நடுவில் நிறுத்தச் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளை திகைத்து அப்படியே அடங்கிவிடும். உங்கள் பிள்ளை ஏற்கெனவே இதைக் கற்றிருந்தால் மறக்கடிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு வரியையும் தனிக் கேள்வியாக, வரிசை மாற்றிக் கேட்டு உடைக்கலாம்.

விளையாட்டு வழியில் எத்தனையோ உண்டு. நான் ஒன்றுக்கே அதிக நேரம் தரச் சொல்வேன்: ‘வைக்கும் விளையாட்டு’. முதல் கட்டத்தில் அட்டை வைக்கச் சொல்வது அதுதான், தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை தடுமாறுவதும் அங்கேதான். ‘புட் தி பால் அண்டர் தி சேர்’ என்று சொல்லிப் பாருங்கள். பந்து தெரியும், நாற்காலி தெரியும். பிள்ளை பந்தை எடுத்து நாற்காலியின்மேல் வைக்கும். ‘அண்டர்’ தெரியாததால் அல்ல. தனியாகக் கேட்டால் ‘கீழே’ என்று சரியாகச் சொல்லும். தமிழில் ‘நாற்காலிக்குக் கீழே வை’ என்னும்போது ‘கீழே’ கடைசியில், வினையை ஒட்டி, காதில் நிற்கும்படி வருகிறது. ஆங்கிலத்தில் அது இரண்டு பெயர்களுக்கு நடுவே அழுத்தமில்லாமல் ஓடிவிடுகிறது. பிள்ளை இரண்டு பெயர்களையும் பிடித்துக்கொண்டு, நடுவில் உள்ளதை உலக வழக்கப்படி தானே நிரப்பிக்கொள்கிறது. பந்து வழக்கமாக எங்கே இருக்குமோ அங்கே.

ஆகவே விளையாட்டில் வழக்கத்துக்கு மாறான இடங்களைச் சொல்ல வேண்டும். மீனைக் கட்டிலுக்கு அடியில், செருப்பை மரத்தின்மேல், யானையை இரண்டு கோப்பைகளுக்கு நடுவில். பிள்ளை சிரிக்கும், அது கூடுதல் ஆதாயம். முக்கியமான ஆதாயம், இங்கே ஊகிக்க வழியில்லை, அந்தச் சின்னச் சொல்லைக் கேட்டே ஆக வேண்டும்.

ஸ்டார்ட்டர்ஸ் பட்டியலில் இப்படி இடம் குறிக்கும் சொற்கள் கொஞ்சமே: இன், ஆன், அண்டர், நெக்ஸ்ட் டு, பிஹைண்ட், இன் ஃப்ரண்ட் ஆஃப், பிட்வீன். முதல் வாரம் முதல் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், படம் வேண்டாம், பொம்மையும் டப்பாவும் போதும். அடுத்து ‘நெக்ஸ்ட் டு’, ‘பிஹைண்ட்’. மற்ற இரண்டும் மூன்றாம் வாரத்தில். அதன்பிறகு தாளுக்கு வாருங்கள். தாளுக்கு வரும்போது ஒரு வேடிக்கை நடக்கும். ‘பிஹைண்ட் தி ட்ரீ’ என்றதும் பிள்ளை அட்டையைத் தாளுக்கு அடியில் செருகப் பார்க்கும். தட்டையான படத்தில் ‘பின்னால்’ என்றால் அந்தப் பொருளை ஒட்டினாற்போல் அட்டையை வைத்தால் போதும் என்று ஒருமுறை வைத்துக் காட்டிவிடுங்கள். தேர்வு அறையில் இந்தக் குழப்பத்தில் சில நொடி போனாலே பிள்ளையின் முகம் மாறிவிடும்.

விளையாடும்போது உங்கள் கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கண்கள் பிள்ளையின் முகத்தில் இருக்கட்டும். ‘அண்டர் தி பெட்’ என்று சொல்லும்போது நம் பார்வை தானாகவே கட்டிலுக்கு அடியில் போகும். பிள்ளைகள் ஆங்கிலத்தைவிட நம் பார்வையை நன்றாகப் படிப்பார்கள். ‘எல்லாம் சரியாகச் செய்கிறாள், தேர்வில் மட்டும் சொதப்பிவிட்டாள்’ என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான்.

பிறகு பாத்திரம் மாற வேண்டும். பிள்ளை கட்டளையிடும், பெரியவர் வைப்பார். பெரியவர் வேண்டுமென்றே இரண்டுக்கு ஒருமுறை தப்பாக வைக்கலாம். ‘நோ! அண்டர்!’ என்று கத்தித் திருத்தும்போது அந்தச் சொல் பிள்ளையின் வாயில் ஏறிவிடும். ஆங்கிலம் தெரியாத பாட்டி இதற்குச் சரியான ஆள், தப்பாக வைக்க அவர் நடிக்க வேண்டியதில்லை.

மூன்றாம் கட்டத்துக்கும் ‘டெல் மீ அபவுட்’ கேள்விக்கும் துணிப்பை விளையாட்டு போதும். பைக்குள் ஐந்தாறு பொருள், கையை விட்டு ஒன்றை எடுத்து மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: பெயர், நிறம், பெரியதா சிறியதா. ‘எ கேட். ப்ளாக். ஸ்மால்.’ இப்படி உடைந்த துண்டுகளாக வந்தாலும் ஒப்புக்கொள்ளுங்கள். மூன்றாவதாக என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றால் ‘ஐ லைக் இட்’ என்ற ஒரு கைத்தடி கொடுத்துவைக்கலாம். ‘என்ன செய்கிறான்’ என்ற கேள்விக்கு ஊமை நடிப்பு: நீங்கள் நீந்துவதுபோல் செய்ய, பிள்ளை ‘ஸ்விம்மிங்’ என்று சொல்லும். இதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, எந்தப் பிள்ளைக்கும் இது வந்துவிடும்.

விளையாட்டால் செய்ய முடியாதது ஒன்று உண்டு. விளையாட்டு என்றால் பிள்ளை தயாராக உட்கார்ந்திருக்கும், ஆங்கிலம் வரப்போகிறது என்று தெரியும். தேர்வில் தெரியாத ஒருவர் சட்டென்று ‘ஹௌ ஓல்ட் ஆர் யூ?’ என்பார். ஐந்து நொடி மௌனம். பதில் தெரியும், ஆனால் தலை அந்த மொழிக்கு இன்னும் திரும்பவில்லை. இந்தத் திருப்பத்தைச் சீக்கிரமாக்குவதற்குத்தான் அன்றாடப் பழக்கம்.

நாளில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: பள்ளியிலிருந்து வந்து ஷூ கழற்றும்போது, சாப்பாட்டுத் தட்டு முன்னால், படுக்கையில். ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு பதில், பிறகு தமிழ். ‘வாட் கலர் ஆர் யுவர் ஷூஸ்?’, ‘டு யூ லைக் கேரட்ஸ்?’, ‘வாட்ஸ் பாட்டி டூயிங்?’ என்பதுபோல். நீட்டினால் பிள்ளை ஷூ கழற்ற உங்களிடம் வராது.

இந்த வழியின் ஆபத்து, அது மெல்ல மனப்பாடமாக மாறுவது. ஷூ என்றால் ‘ப்ளாக்’, தட்டு என்றால் ‘யெஸ்’ என்று இடத்துக்கு ஒரு பதில் ஒட்டிக்கொள்ளும். சோதிப்பது எளிது, ஷூ கேள்வியைப் படுக்கையில் கேளுங்கள். அங்கேயும் சரியான பதில் வந்தால் கேள்வி புரிந்திருக்கிறது. ‘யெஸ்’ என்று வந்தால் புரியவில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை கேள்வியில் ஒரு சொல்லை மாற்றிவிடுங்கள். உன் வயது என்ன என்பதற்குப் பதில் அண்ணனின் வயது, உன் பெயருக்குப் பதில் டீச்சர் பெயர். வாரம் ஒருமுறை வேறொருவர் கேட்கட்டும். அம்மாவின் குரலுக்கு மட்டும் திறக்கும் வாய் தேர்வாளருக்குத் திறக்காது. பக்கத்து வீட்டு அக்கா, போனில் சித்தப்பா, யாரானாலும் சரி.

பிள்ளை பதில் சொல்லாமல் நிற்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பது மூன்று வழிகளுக்கும் பொதுவானது. பெரும்பாலான வீடுகளில் உடனே தமிழில் மொழிபெயர்ப்போம். தேர்வாளர் அப்படிச் செய்ய மாட்டார். அவரிடம் துணைக் கேள்விகள் தயாராக இருக்கும். ‘வாட்ஸ் திஸ்?’ என்பதற்குப் பதில் இல்லையென்றால் ‘இஸ் இட் எ டாக்?’ என்பார். வயதுக்குப் பதில் இல்லையென்றால் ‘ஆர் யூ சிக்ஸ்?’ வீட்டிலும் அதே படிகளில் இறங்குங்கள். முதலில் மனத்துக்குள் மூன்று வரை எண்ணிக் காத்திருங்கள், பிறகு அதே கேள்வியை இன்னொரு முறை, பிறகு துணைக் கேள்வி. இந்தத் துணைக் கேள்வி தனக்கு உதவி என்று அறிந்த பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். அறியாத பிள்ளை புதிதாக இன்னொரு கேள்வி வந்துவிட்டது என்று மிரளும். ‘சாரி, ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்’ என்று சொல்வது குற்றமல்ல என்றும் பழக்கிவிடுங்கள்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்ச் சாயல் இருப்பதால் எதுவும் குறையாது, சொன்னது விளங்கினால் போதும். ‘புக்கு’, ‘கேட்டு’ என்று கடைசியில் உகரம் ஒட்டுவதைத் திருத்த உட்கார்ந்தால் கால்மணி நேரம் அதிலேயே போய்விடும், பிள்ளை வாயையும் மூடிக்கொள்ளும். நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இனி ஒரு வீட்டை வைத்துக் கணக்குப் பார்ப்போம். ஒன்றாம் வகுப்புச் சிறுமி, வீட்டில் தமிழ் மட்டும், அம்மா ஆறரைக்கு வருகிறார், பாட்டி நாள் முழுக்க உடனிருக்கிறார். முதல் நாள் ஒருமுறை மாதிரிப் படத்தை வைத்து அம்மா பார்த்ததில், பெயர்களும் நிறங்களும் தெரிகின்றன, இடச்சொற்கள் குழப்பம், சொந்தக் கேள்விக்கு நீண்ட மௌனம். பிறகு அந்தப் படத்தை அலமாரியில் வைத்துவிட வேண்டும், கடைசி வாரம்வரை.

முதல் மூன்று வாரம் மாலையில் பத்து நிமிடம் வைக்கும் விளையாட்டு, பொம்மைகளோடு. ஷூ, தட்டு, படுக்கை மூன்றிலும் இடத்துக்கொரு கேள்வி. நான்காம் வாரம் காலண்டர் படத்துக்கோ கதைப் புத்தகத்தின் ஒரு பக்கத்துக்கோ மாறி, பழைய நோட்டு அட்டையில் வரைந்து வெட்டிய சிறு படங்களை வைக்கலாம். படம் தினமும் மாற வேண்டும், அட்டைகள் மாறாவிட்டாலும் பரவாயில்லை. பகலில் பாட்டியிடம் சிறுமி கட்டளையிடுவாள், மாலையில் அம்மா வந்ததும் ‘பாட்டி இன்று எத்தனை தப்பு’ என்று அறிக்கை. ஐந்து, ஆறாம் வாரங்களில் துணிப்பையும் ஊமை நடிப்பும் வைக்கும் விளையாட்டோடு மாறி மாறி. சளைப்புத் தெரிந்த நாளில் விளையாட்டை விட்டுவிடலாம், மூன்று கேள்விகளை மட்டும் விடக்கூடாது.

ஏழாம் வாரம் ஒருமுறை, பக்கத்து வீட்டில், வேறு மேசையில், வேறொருவரோடு, புதிய படத்தை வைத்து ஐந்து நிமிட மாதிரித் தேர்வு. அம்மா வெளியே. எட்டாம் வாரம் அலமாரியில் இருக்கும் பழைய படத்தை எடுத்து இன்னொரு முறை. இரண்டே முறைதான், அதில் வரும் தப்புகளை அங்கேயே திருத்த வேண்டாம், குறித்துக்கொண்டு மறுநாள் விளையாட்டில் சேர்த்துவிடலாம்.

எல்லாப் பிள்ளைக்கும் இதே விகிதம் பொருந்தாது. வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கு இடச்சொல் சிக்கல் இருக்காது, அதற்கு வைக்கும் விளையாட்டைச் சுருக்கிவிட்டு, நீட்டிப் பேசி விலகிப்போகாமல் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லப் பழக்கினால் போதும். புது ஆளிடம் ஒட்டவே ஒட்டாத பிள்ளைக்கு நேர்மாறாக, விளையாட்டைவிடப் பல குரல்களில் வரும் அன்றாடக் கேள்விகளே அதிகம் உதவும், மாதிரித் தேர்வையும் இரண்டு மூன்று வெவ்வேறு ஆட்களோடு செய்து பார்க்கலாம். டியூஷனில் சேர்ப்பதா என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அங்கே ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளை தனியாக எத்தனை நிமிடம் பேசும்? பத்துப் பேர் சேர்ந்து கோரஸாகச் சொல்லும் வகுப்பென்றால் அந்த நேரத்துக்குப் பாட்டியே மேல்.

தேதியை ஒத்திப்போடுவதா என்ற கேள்விக்கு நான்காம் வார இறுதியில் பதில் தெரிந்துவிடும். கையை மடியில் வைத்து, முகத்தைப் பார்த்து, புதுப் படத்தில் ஐந்து கட்டளை சொல்லுங்கள், எல்லாம் வழக்கத்துக்கு மாறான இடங்களாக. மூன்று சரியாக வந்து, சொந்தக் கேள்வி ஒன்றுக்காவது உதவியில்லாமல் பதில் வந்தால் தொடரலாம். ஒன்றோ இரண்டோதான் சரி, கேள்வி என்றாலே முகம் திரும்புகிறது என்றால், இன்னும் பதிவு உறுதியாகவில்லையென்றால், பள்ளியில் பேசி அடுத்த முறைக்குப் பெயரை மாற்றிக் கேளுங்கள். ஏழு வயதில் எழுதினாலும் அதே சான்றிதழ், அதே கேடயங்கள்தான்.